கடைக் குத்தகை உறுதியில் மூன்று வாசகங்கள்: விலகாக் காலம், வாடகை உயர்வு, குட்வில்

யாழ்ப்பாண நகரில் புதிதாகக் கடை எடுக்கும் ஒருவரிடம் "என்ன மாதிரிப் பேசி முடித்தீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே வரியில் பதில் வரும்: "மாதம் ஐம்பதாயிரம், ஐந்து வருடம், குட்வில் ஒன்பது இலட்சம்." கேட்பவரும் விளங்கிக்கொண்டதாகத் தலையசைப்பார். ஆனால் அந்த ஐந்து வருடம் யாருக்கு உறுதியானது, ஐம்பதாயிரம் எத்தனை மாதத்துக்கு ஐம்பதாயிரமாக இருக்கும், ஒன்பது இலட்சம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வரியில் பதில் இல்லை. சிறு வியாபாரிகளின் கணக்குப் புத்தகங்களை எழுதிவருபவன் என்ற முறையில், கடை நடத்தி நட்டப்பட்டதாக நினைத்திருந்த சிலர் உண்மையில் குத்தகை உறுதியின் வாசகங்களால் நட்டப்பட்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். அந்த வாசகங்களை வாசிக்கும் முறையையே இங்கு எழுதுகிறேன்.

விளக்கத்துக்காக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கஸ்தூரியார் வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, கைப்பேசி உதிரிப்பாகங்கள் விற்பதற்கு ஓர் இளைஞர் எடுக்க விரும்பும் சிறிய கடை அது. மாத வாடகை 50,000 ரூபாய். குத்தகைக் காலம் 5 ஆண்டுகள். ஆறு மாத வாடகைக்குச் சமமான 300,000 ரூபாய் வைப்புப் பணம். அதற்கு மேல் 900,000 ரூபாய் "குட்வில்".

முதலில், கையில் இருப்பது உறுதியா?

வாசகங்களுக்குள் நுழையும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்ட உறுதியாக இருக்க வேண்டும். முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக் குத்தகையாகச் செல்லாது. அத்தகைய தாளை வைத்துக்கொண்டு கடையில் இருந்து வாடகை கட்டிவருபவர், மாதத்துக்கு மாதம் இருக்கும் வாடகைக்காரராகவே கருதப்படும் நிலை ஏற்படும். அப்போது ஐந்து ஆண்டு என்ற சொல்லும், அதற்கு உள்ளே எழுதப்பட்ட பாதுகாப்புகளும் பலமிழந்துவிடும்.

உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்து, இங்குள்ள உறவினர் அற்றோணித் தத்துவத்தின் பேரில் கையொப்பமிடுவது நம் ஊரில் சாதாரணம். அப்படியானால் அந்தத் தத்துவத்தின் பிரதியை வாங்கி, குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று உங்கள் நொத்தாரிசிடம் காட்டுங்கள்.

விலகாக் காலம் யாரைப் பூட்டுகிறது?

நீர்வேலிப் பக்கத்தில் ஒருவர் தோட்டக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வாழை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குலை தள்ளி வெட்டும் வரையாவது காணி தன் கையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. நடுவழியில் அவர் கைவிட்டுப் போய்விட்டால் காணி வெறுமனே கிடக்குமே என்பது காணிக்காரருடைய கவலை. இருவருடைய கவலையும் நியாயமானது. ஆகவே "இன்ன காலம் வரை நானும் விடமாட்டேன், நீரும் எழுப்பக்கூடாது" என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். கடைக் குத்தகையில் இதைத்தான் விலகாக் காலம் என்கிறோம். பேச்சில் லொக்-இன் என்பார்கள். குத்தகை தொடங்கிய நாளிலிருந்து எவ்வளவு காலத்துக்குக் குத்தகையை முடிவுறுத்த முடியாதோ அந்தக் காலமே அது.

குத்தகைக் காலமும் விலகாக் காலமும் வெவ்வேறானவை. நமது எடுத்துக்காட்டில் குத்தகை 60 மாதங்கள், விலகாக் காலம் 36 மாதங்கள். 36 மாதங்கள் முடிந்த பிறகு, உரிய அறிவித்தல் கொடுத்துவிட்டு விலகலாம்.

குழப்பம் பிறக்கும் இடம் இதுவன்று. வாழைத் தோட்டத்தில் பூட்டு இரு பக்கமும் விழுந்தது. கடை உறுதிகளில் அது ஒரு பக்கம் மட்டும் விழுவதுண்டு. உறுதியின் நாலாம் பந்தியில் இப்படி இருக்கும்: "குத்தகையாளர் முதல் 36 மாதங்கள் முடியுமுன் விலக இயலாது, விலகின் எஞ்சிய மாதங்களுக்குரிய வாடகை முழுவதையும் செலுத்தக் கடமைப்பட்டவராவார்." இதை வாசிப்பவர், மூன்று ஆண்டுகளுக்குத் தன்னையும் யாரும் எழுப்ப முடியாது என்று இயல்பாகவே நினைத்துக்கொள்கிறார். ஆனால் இரண்டு பக்கம் தள்ளி, திருத்த வேலைகள் பற்றிய பந்திக்குள்ளேயோ பொது நிபந்தனைகளுக்குள்ளேயோ இன்னொரு வசனம் இருக்கும்: "உரிமையாளர் தமது சொந்தத் தேவைக்காக, முதலாம் ஆண்டு முடிந்தபின் எவ்வேளையிலும், மூன்று மாத எழுத்து மூல அறிவித்தலின் பேரில் இடத்தை மீளப் பெறலாம்."

இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படம் தெளிவாகும். குத்தகையாளர் 36 மாதங்களுக்குக் கட்டுண்டிருக்கிறார். உரிமையாளர் 12 மாதங்களுக்கு மட்டும் கட்டுண்டிருக்கிறார். முதலாம் ஆண்டு முடிந்தவுடன் அறிவித்தல் கொடுத்தால், 15ஆம் மாத முடிவில் கடையைத் திறந்து கொடுக்க வேண்டும். "சொந்தத் தேவை" என்ற சொல்லுக்கு உறுதியில் வரையறை இல்லாவிட்டால், வெளிநாட்டிலிருந்து திரும்பும் மகனுக்காகவா, கூடிய வாடகை தரும் வேறொருவருக்காகவா என்று நீங்கள் கேட்டு நிரூபிப்பது கடினம். கடை வேறொருவருக்கு விற்கப்பட்டாலும் முறையாக எழுதிய குத்தகை புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் என்பது நமது சட்டத்தின் பொது நெறி. ஆனால் அதே உறுதியில் உள்ள மீளப் பெறும் வசனமும் சேர்ந்தே அவர் கைக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

உறுதி எழுதும் நாளில் பெரியவர் ஒருவர் அன்பாகச் சொல்லுவார்: "தம்பி, நீர் ஒண்டுக்கும் யோசிக்காதேயும். ஐஞ்சு வருசமும் நீர்தான் இருக்கப் போறீர்." அவர் மனதார்ந்துதான் சொல்லுகிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி, எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் வாசகத்தை மாற்றவோ கூட்டவோ குறைக்கவோ வாய்மொழிச் சாட்சியத்தை ஏற்பதில்லை. அவருடைய வாக்குறுதி உண்மையானதென்றால் அதை உறுதியில் ஒரு வசனமாக எழுதுவதில் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. மரியாதையோடு அப்படியே கேட்கலாம்.

இதுவரை பார்த்தது: விலகாக் காலம் என்பது குத்தகையை முடிக்க முடியாத காலம். அதைக் குத்தகையாளருக்கு ஒரு முறை, உரிமையாளருக்கு ஒரு முறை எனத் தனித்தனியாக எண்ண வேண்டும். நமது கடையில் அவை 36, 15.

வாடகை உயர்வு: எத்தனை வீதம் என்பதைவிட எதன் மீது, எப்போது

"வருடத்துக்குப் பத்து வீதம் கூடும்" என்பது எளிதாகத் தோன்றும். வட்டிக்குப் பணம் எடுத்தவருக்கு இதன் உள்ளே இருக்கும் வேறுபாடு உடனே புரியும். முதலுக்கு மட்டும் வட்டி எண்ணுவது ஒன்று, வட்டிக்கும் வட்டி எண்ணுவது மற்றொன்று. உறுதியில் "ஆரம்ப வாடகையின் 10 வீதம்" என்றிருந்தால் ஆண்டுதோறும் 5,000 ரூபாய் கூடி, ஐந்தாம் ஆண்டில் வாடகை 70,000 ஆகும். "அப்போது செலுத்தப்படும் வாடகையின் 10 வீதம்" என்றிருந்தால் 50,000, 55,000, 60,500, 66,550 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 73,205 ஆகும்.

ஐந்து ஆண்டுகளின் மொத்த வாடகையில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 63,060 ரூபாய். இது சிறிய தொகையன்று. ஆனாலும் பலர் அஞ்சுவதுபோல் ஆளை வீழ்த்தும் தொகையுமன்று. குத்தகை பத்து ஆண்டுகளுக்கு நீண்டால்தான் இது பெரிதாகும்: பத்தாம் ஆண்டில் முதல் முறைப்படி மாத வாடகை 95,000 ஆகவும், இரண்டாம் முறைப்படி ஏறக்குறைய 117,900 ஆகவும் இருக்கும்.

குறுகிய குத்தகையில், வீதத்தைவிட உயர்வு வரும் நாளே முக்கியமானது. ஆண்டுக்கு 10 வீதத்துக்குப் பதிலாக "இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 20 வீதம்" என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணக்கில் மாத வாடகை முதல் இரண்டு ஆண்டுகள் 50,000, அடுத்த இரண்டு ஆண்டுகள் 60,000, ஐந்தாம் ஆண்டு 72,000 ஆகிறது. வாடகைக்கு மேல் வாடகையாக ஏறும் ஆண்டு உயர்வோடு ஒப்பிட்டால், ஐந்து ஆண்டுகளில் 159,060 ரூபாய் மிஞ்சும். வாடிக்கையாளர் இன்னும் பழகாத இரண்டாம் ஆண்டில் வாடகை கூடாமல் இருப்பதும் புதுக் கடைக்கு உதவி.

உண்மையில் நான் அஞ்சும் வசனம் எண்ணே இல்லாத வசனம்: "மூன்றாம் ஆண்டிலிருந்து நிலவும் சந்தை வாடகைப்படி." சந்தை வாடகையை யார் சொல்வது, எந்த வீதியை வைத்துச் சொல்வது, உடன்பாடு வராவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதப்படாவிட்டால், மூன்றாம் ஆண்டில் உங்கள் வாடகை என்ன என்பது உங்களுக்குத் தெரியாது. விலகாக் காலத்துக்குள் இந்த வசனம் வந்தால் நீங்கள் போகவும் முடியாது, தொகையை மறுக்கவும் முடியாது. மேலெல்லையாக ஒரு வீதத்தை எழுதச் சொல்லுங்கள். உதாரணமாக "எவ்வகையிலும் முன்னைய வாடகையின் 15 வீதத்துக்கு மேற்படாமல்" என்று.

சுருங்கச் சொன்னால், உயர்வு வசனத்தில் மூன்று விடயங்களைத் தேடுங்கள்: எந்த வாடகையின் மீது, எந்தத் திகதியிலிருந்து, எந்த எல்லை வரை.

குட்வில் என்ற ஒரே பெயரில் வரும் வேறு வேறு பணங்கள்

குட்வில் என்ற சொல்லின் உண்மைப் பொருள் நன்மதிப்பு. ஒரு தேநீர்க் கடைக்காரர் கடையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போன பின்னும், காலையில் ஆட்கள் பழக்கத்தால் அதே வாசலுக்கே வருகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு ஒரு பெறுமதி உண்டு. அதை உருவாக்கியவர் அதற்கு விலை கேட்பது நியாயம். இதுவே நன்மதிப்புப் பணம். இதைப் பெறுவதற்கு உரியவர் முன்னைய வியாபாரி.

ஆனால் நம் நகரில் உரிமையாளருக்குக் கடைச் சாவியைப் பெறுவதற்காகக் கொடுக்கும் திரும்பாத பணத்தையும் குட்வில் என்றே சொல்கிறார்கள். அதன் சரியான பெயர் கீமணி. புதிதாகக் கட்டிய, இன்னும் ஒரு வாடிக்கையாளர்கூடக் கால் வைக்காத கடைக்கும் குட்வில் கேட்கப்படுவதிலிருந்தே, அது நன்மதிப்புக்கான பணம் அன்று என்பது தெரியும். இவை இரண்டையும் தவிர, கடையை ஒப்படைக்கும்போது திரும்பி வரவேண்டிய வைப்புப் பணமும், மாதாமாதம் வாடகையில் கழிபட வேண்டிய முற்பணமும் உண்டு. நான்கையும் "அட்வான்ஸ்", "குட்வில்" என்று மாற்றி மாற்றிச் சொல்வதால், கடையை விடும் நாளில் ஒருவர் திருப்பிக் கேட்பார், மற்றவர் அது திரும்பாத பணம் என்பார்.

ஆகவே ஒவ்வொரு தொகைக்கும் உறுதியில் தனிப் பெயரும் தனி வசனமும் வேண்டும்: திரும்புமா, கழிபடுமா, திரும்பாதா. தொகை உறுதியில் எழுதப்படாமல் கையில் கொடுக்கப்படுவதும் நடக்கிறது. முத்திரைத் தீர்வை குத்தகையின் பெறுமதியை வைத்துக் கணக்கிடப்படுவதும் அதற்கு ஒரு காரணம். அத்தீர்வையில் மிஞ்சும் சிறு தொகைக்காக, ஒன்பது இலட்சம் கொடுத்ததற்கான ஒரே சான்றை நீங்கள் இழக்கிறீர்கள்.

அடுத்து, ஒன்பது இலட்சம் அதிகமா குறைவா என்பதை எப்படி அறிவது? திரும்பாத பணம் என்பது முன்கூட்டியே கொடுத்த வாடகைக்குச் சமம். அதை மாதங்களால் வகுத்து வாடகையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். எந்த மாதங்களால் என்பதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பெரும்பாலானோர் 60ஆல் வகுத்து, "மாதம் 15,000தானே" என்று ஆறுதலடைகிறார்கள். ஆனால் 60 மாதங்கள் என்பது நம்பிக்கை. உரிமையாளர் உங்களை எழுப்ப முடியாத காலம் எவ்வளவோ, அதற்கு மட்டுமே நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். நமது கடையில் அது 15 மாதங்கள். 900,000 ரூபாயை 15ஆல் வகுத்தால் மாதம் 60,000, வாடகையைவிடக் கூட. இரு தரப்புக்கும் 36 மாதப் பூட்டு இருந்தால் 25,000. மீளப் பெறும் வசனமே இல்லாவிட்டால்தான் 15,000. ஒரே ஒன்பது இலட்சத்தின் உண்மை விலை, இரண்டு பக்கம் தள்ளியிருந்த அந்த ஒரு வசனத்தால் நான்கு மடங்கு மாறுகிறது.

முன்னைய வியாபாரியிடமிருந்து கடையை வாங்குபவருக்கும் இதே கணக்குத்தான். அவரிடம் இன்னும் எத்தனை மாதக் குத்தகை எஞ்சியுள்ளது, அதை வேறொருவருக்கு மாற்ற அவருக்கு உரிமை உண்டா என்று அவருடைய உறுதியை வாங்கிப் பாருங்கள். "உரிமையாளரின் எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்றலோ உபகுத்தகையோ கூடாது" என்ற வசனம் இருந்தால், உரிமையாளர் கையொப்பமிடாத கைமாற்றத்துக்குக் கொடுத்த பணம் கடையில் தொடர்ந்து இருக்கும் உரிமையைத் தராது. அவர் நன்மதிப்பு என்று எதைத் தருகிறார் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்: கடைப் பெயரா, தொலைபேசி இலக்கமா, தட்டுகளும் கண்ணாடி அலுமாரிகளுமா. பெயரை விற்றுவிட்டு அதே வீதியில் நாலு கடை தள்ளி அவர் மீண்டும் கடை திறந்தால், வாடிக்கையாளர் அவரோடு போய்விடுவார்கள். அதைத் தடுக்கும் வசனமும் வேண்டும்.

இப்பகுதியின் சாரம்: கொடுக்கும் பணம் எந்த வகை என்று பெயரிட்டு எழுதுங்கள், திரும்பாத பணத்தை உறுதியான மாதங்களால் மட்டும் வகுங்கள்.

மூன்றும் சேரும்போது

இளைஞர் கடையை எடுத்துவிட்டார். வியாபாரம் கைகூடாமல் 20 மாதங்களில் விலக வேண்டிய நிலை வருகிறது. முதல் ஆண்டு 50,000 வீதமும் அடுத்த எட்டு மாதங்கள் 55,000 வீதமுமாக அவர் கட்டிய வாடகை 1,040,000 ரூபாய். கீமணி 900,000. விலகாக் காலத்தில் எஞ்சியிருப்பவை 16 மாதங்கள். அவற்றுள் நான்கு மாதங்களுக்கு 55,000 வீதமும், மூன்றாம் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கு 60,500 வீதமும் எண்ணினால் 946,000. உரிமையாளர் 300,000 வைப்புப் பணத்தைக் கழித்துக்கொண்டு மீதி 646,000 ரூபாயைக் கேட்பார். மொத்தச் செலவு 2,886,000. அதை அவர் கடையில் இருந்த 20 மாதங்களால் வகுத்தால், ஐம்பதாயிரம் என்று பேசிய கடைக்கு மாதம் 144,300 ரூபாய் விழுந்திருக்கிறது.

இதே கடையை, கையொப்பத்துக்கு முன் நான்கு வசனங்களை மாற்றிக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "எஞ்சிய மாத வாடகை முழுவதும்" என்பதற்குப் பதில், "மூன்று மாத வாடகை, அதற்குமுன் இடம் வேறொருவருக்கு வாடகைக்குக் கொடுக்கப்படின் அந்நாள் வரை மட்டும்." உரிமையாளர் மீளப் பெறும் உரிமை நீக்கப்பட வேண்டும், அவர் அதற்கு இணங்காவிட்டால், "எஞ்சிய ஒவ்வொரு மாதத்துக்கும் கீமணியில் 15,000 ரூபாய் திருப்பிக் கொடுக்கப்படும்." இந்த வசனத்தின்படி 15ஆம் மாதத்தில் எழுப்பினால் 45 மாதங்களுக்கான 675,000 ரூபாய் திரும்பி வரும். மூன்றாவதாக, "நியாயமான காரணமின்றிக் கைமாற்றச் சம்மதம் மறுக்கப்படலாகாது." நான்காவதாக, கைமாற்றும்போது உரிமையாளருக்கு ஒரு பங்கு உண்டென்றால் அது எவ்வளவு என்ற எண்.

அந்த வசனங்களோடு, உரிமையாளருக்குப் பங்கு எதுவும் இல்லாத உடன்பாட்டில், 20ஆம் மாதத்தில் இன்னொரு வியாபாரி வந்து எஞ்சிய 40 மாதக் குத்தகைக்கு 500,000 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டார் என்று வைப்போம். கடை கைமாறியதால் விலகல் தொகை இல்லை. வைப்புப் பணமும் திரும்பும். அப்போது 1,040,000 வாடகையும் கீமணியில் மீளாத 400,000 ரூபாயும் சேர்ந்து 1,440,000. மாதத்துக்கு 72,000. உரிமையாளருக்கும் ஒரு மாத வாடகைகூடக் குறையவில்லை. அதனால்தான் இந்த வசனங்களைத் தயங்காமல் கேட்கலாம் என்கிறேன். மாறாக, மீளப் பெறும் வசனம் அப்படியே இருந்திருந்தால் புதியவர் ஐந்து இலட்சம் கொடுத்திருக்க மாட்டார். மூன்று மாத அறிவித்தலில் எழும்ப வேண்டிய கடைக்குக் கொடுப்பதற்கு நன்மதிப்பு எதுவும் எஞ்சியிருக்காது.

மாநகர சபைக்குச் சொந்தமான சந்தைக் கடைகள் சபையின் விதிகளுக்கு உட்பட்டவை. மேற்சொன்ன பேரங்களுக்கு அங்கு இடம் குறைவு. பழைய வாடகைக்காரர்கள் இருக்கும் கட்டடங்களில் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குறுக்கிடலாம் என்பதால், அத்தகைய கடையை எடுக்குமுன் சட்டத்தரணியிடம் தனியாகக் கேளுங்கள்.

உறுதி கையொப்பமானதும் அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா என்று நொத்தாரிசிடம் கேட்டு, பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதியாத குத்தகை, அதே இடத்துக்குப் பின்னர் பணம் கொடுத்து எழுதி முறையாகப் பதிந்த வேறோர் உறுதியின் முன் தோற்றுப்போகக்கூடும்.